ஏறுகிற முப்பதுக்கும் 273

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் அம்மா சொல்வார். என் கணவருக்கு நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்த இரண்டு மாதங்களில் அது மூக்கை விட்டு இறங்கவே இல்லை.

அவர் முதலிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் மெஷின் ஆபரேட்டர். டிப்ளமோவில் முதல் வருட இயற்பியல் மட்டும் அரியர், பன்னிரண்டு வருடமாக அப்படியே கிடந்தது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் இடம் காலியானபோது மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். டிப்ளமோ சர்டிபிகேட் வந்தால் வேலை அவருக்கு, வராவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று ஒரு பரீட்சை வந்தது. நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். அந்தப் படிப்பு பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டை தேடுவதற்கு எந்த உதவியும் செய்யவில்லை. இதற்காவது ஆகட்டும் என்று இறங்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தலையில் அடித்துக்கொண்டேன். கணக்கு இதுதான். மூடிய கலனில் வாயு 27 டிகிரி செல்சியசில் 2 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது, 87 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் என்ன? அவர் எண்பத்தேழை இருபத்தேழால் வகுத்து இரண்டால் பெருக்கி, ஆறு புள்ளி நாலு என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"ஏனுங்க, கெல்வினுக்கு மாத்தாம எப்படிங்க போடுவீங்க? 300, 360. விடை ரெண்டு புள்ளி நாலு."

"எங்க மெஷின்ல இருபத்தேழுன்னா இருபத்தேழுதான அம்மிணி. இதுல மட்டும் எதுக்கு முந்நூறு?"

நியாயமான கேள்விதான். செல்சியசில் சைபர் என்பது பனி உருகுகிற இடம், அங்கே வாயுவின் மூலக்கூறுகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், இத்தனை மடங்கு என்று கணக்குப் போட வேண்டுமானால் உண்மையான சைபரிலிருந்து எண்ண வேண்டும் என்று ஒரு தடவை பொறுமையாகச் சொன்னேன். இரண்டாவது தடவை வேகமாகச் சொன்னேன். அடுத்த கணக்கு, மூலக்கூறுகளின் சராசரி இருமடி மூல வேகம் 27 டிகிரியில் இருப்பதைப்போல இரண்டு மடங்காக எந்த வெப்பநிலை வேண்டும் என்பது. வேகம் இரட்டித்தால் கெல்வின் நான்கு மடங்காகும். 1200 கெல்வின், அதாவது 927 டிகிரி. இவர் இருபத்தேழை நாலால் பெருக்கி 108 என்று எழுதினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இனி ஒண்ணும் யோசிக்காதீங்க. டிகிரின்னு எங்க கண்டாலும் 273 சேருங்க. அப்புறமா ஃபார்முலாவுல போடுங்க."

சரி என்றார். அவர் எதற்கும் சரி என்பவர். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாரநாட்களில் எங்கள் ஷிஃப்ட் ஒத்துவராது. அதனால் சாயத்தொட்டி சூடேறுகிற நேரத்தில் அவர் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டு, தாளைப் போனில் படம் பிடித்து அனுப்புவார். என் போன் செக்கிங் சமயத்தில் பெட்டிக்குள் இருக்கும், டீ டைமில்தான் கையில் கிடைக்கும். பத்து நிமிடத்தில் டீயும் குடித்து, ஈரத்தில் சுருங்கிப்போன தாளில் அவருடைய கோழிக் கிறுக்கலையும் படித்துத் திருத்தியாக வேண்டும். தவறாமல் ஏதாவது ஒரு கணக்கில் 273 விட்டுப்போயிருக்கும். விட்ட இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன், கூடவே ஒரு திட்டும் போகும். "குழம்புக்கு உப்பு மாதிரிங்க, மறந்தா எல்லாம் வீண்" என்று ஒருநாள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பக்கத்தில் நின்ற ஆட்களும் அதைக் கேட்டுவிட்டார்களாம். அதற்குப்பிறகு பட்டறையில் அவரை உப்பு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு படம் வந்தது. அன்று காலையில்தான் நாங்கள் பார்த்து அனுப்பிய துணி லாட் முழுதும் திரும்பி வந்து, லைன் இன்சார்ஜ் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கத்தியிருந்தார். படத்துக்குக் கீழே இவர் கேட்டிருந்தார்: "ஆறாவது கணக்குல ஏறுற 30 டிகிரிக்கும் 273 சேக்கோணுமா?" நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. "டிகிரி இருந்தா போடுங்க. எத்தனை தடவைதான் சொல்றது?" என்று தட்டிவிட்டுப் போனைப் பெட்டியில் போட்டேன். அவர் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தார்.

பரீட்சை முடிந்து அவர் நல்ல முகத்தோடுதான் வந்தார். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று: 27 டிகிரியில் இருக்கும் வாயுவின் வெப்பநிலையைக் கனஅளவு மாறாமல் 30 டிகிரி உயர்த்தினால், 2 வளிமண்டலமாக இருந்த அழுத்தம் எவ்வளவு ஆகும்?

"இதுக்கு என்னங்க போட்டீங்க?"

"முதல்ல 300, அப்புறம் 303. ரெண்டு புள்ளி பூஜ்யம் ரெண்டு வந்துச்சு."

"ஏனுங்க, உங்க மெஷின்ல இருபத்தேழுல இருந்து முப்பது ஏத்துனா எத்தனை காட்டும்?"

"ஐம்பத்தேழு."

"கெல்வின்ல?"

"முந்நூத்து முப்பது" என்றார், யோசிக்கவே இல்லை.

நாள் முழுக்க டிகிரியை ஏற்றி இறக்குகிற மனுஷன், ஏறுகிற அளவு வேறு, நிற்கிற இடம் வேறு என்று தெரியாதா? வித்தியாசம் செல்சியசிலும் முப்பதுதான், கெல்வினிலும் முப்பதுதான். ரெண்டு புள்ளி ரெண்டு என்று எழுதிவிட்டுப் போகவேண்டிய கணக்கு. வாய்க்கு வந்தபடி பேசினேன். தொட்டியைப் பார்த்தே பன்னிரண்டு வருஷம் ஓட்டியதற்கு இதுதான் மிச்சமா என்றும் கேட்டேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ரிசல்ட் வந்தது. மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. அதற்கடுத்த திங்கட்கிழமை புது சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார், இவரைவிட எட்டு வயது இளையவர். எந்த மெஷின் எப்படி ஓடும் என்று அவருக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையை இவருக்கே கொடுத்தார்கள். அந்த வாரம் முழுதும் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

போனில் இடம் இல்லை என்று ஒருநாள் அவர் மெசேஜுகளில் இருந்த பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு நாலு நாள் முன்பு அனுப்பிய அந்தப் படம் வந்தது. விரலால் பெரிதாக்கினேன். ஆறாவது கணக்கு, பரீட்சையில் வந்த அதே கணக்கு: T1 300, T2 330, விடை 2.2. எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். விடைக்கு அடியில் வழக்கம்போல இரண்டு கோடும் இருந்தது. அதற்குக் கீழேதான் அந்தக் கேள்வி. அதற்குக் கீழே என் பதில்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது பொய்யில்லை. நான் அந்தப் படத்தோடு சமையலறைக்குப் போனேன். அவர் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். பார்த்தார். அவருக்கு அது புதுசாக இல்லை.

"நீங்க சரியாத்தான் போட்டிருந்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன். நான் அந்தக் கத்து கத்தும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"இனி சொல்லி என்ன பண்றது, விடு அம்மிணி."

"சரி, அது போகட்டும். அன்னைக்கே உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சல்லோ. ஊட்டுக்கு வந்து இன்னொருக்கா கேட்டிருக்கலாமுல்ல?"

அவர் அடுப்பைச் சின்னதாக்கினார்.

"கேக்கலாம்னுதான் வந்தேன். மறுபடியும் கேட்டா திட்டுவயேன்னு விட்டுட்டேன்" என்றார்.