கட் ஆச்சா, கட் பண்ணியாச்சா

எங்க பக்கத்துல புயல்னா அது டிவியில பாக்குற சமாச்சாரம். கடலோரத்துக்காரங்களுக்கு வர்றது. எங்களுக்கு மழை வரும், தீபத்துக்கு வர்ற கூட்டம் நனையும், ரெண்டு நாள் துணி காயாது, அவ்ளோதான். அந்த நெனப்புலதான் அன்னிக்குக் காலையில கம்பெனி வேனும் வந்துச்சு, நாங்களும் ஏறிப் போனோம்.

கம்பெனினா செருப்புக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனி. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போற வழியில, ஏரிக்குக் கீழ இருக்கு. கீழ்த்தளத்துல தோல் வெட்டுற மிஷின், பசை ஒட்டுற மேஜை, கம்ப்ரஸர், மெயின் பேனல். மாடியில நாங்க, தையல் லைன். நான் லைன் சூப்பர்வைசர். எங்க வீட்டுக்காரர் அங்கயே எலக்ட்ரீஷியன். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில வேலை பாத்தா ஜாஸ்தி சண்டை வராதுன்னு எவனோ சொன்னானாம். அவனை எங்கிட்ட வரச் சொல்லுங்க.

புயல் வந்தா இன்னா செய்யணும்னு கம்பெனியில ஒரு ஏற்பாடு இருந்துச்சு, இல்லைனு சொல்ல மாட்டேன். கூரைத் தகடு பறக்காம கயிறு கட்டுறது, ஜன்னலை அடைக்கிறது, டீசலை ரொப்பி வைக்கிறது. எல்லாம் காத்துக்குத்தான். தண்ணிக்கு ஒண்ணும் இல்ல. ஆளுங்களை வெளியேத்துறதுன்னா எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே வழி, தீ விபத்து ஒத்திகையில பழகினது. மணி அடிச்சா மாடியிலிருந்து இறங்கி, கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிற வேப்பமரத்தடிக்கு ஓடணும். அந்த மரத்தடிதான் மொத்த இடத்துலயும் பள்ளம். நெருப்புக்கு அது போதும், தண்ணிக்கு அது கிணறு. அது எங்க யாருக்கும் உறைக்கல.

மத்தியானத்துக்கு மேல மழை பேய் மாதிரி பிடிச்சுக்கிச்சு. மேனேஜர் ஏற்கெனவே ஹெட் ஆபீசுக்குப் போயிருந்தாரு. நான் ஃபோன் போட்டுக் கத்தின கத்துல, "சரிம்மா, மூடிடுங்க, வேனை வரச் சொல்றேன்"னாரு. மூடுறதுன்னா சுவிட்சை அணைச்சிட்டுப் பையைத் தூக்கிட்டுப் போறது இல்ல. வெட்டுற மிஷினைக் கீழ இறக்கி நிறுத்தணும். ஹீட்டரை அணைச்சு ஆற விடணும். கம்ப்ரஸர்ல தேங்கின காத்தைத் திறந்து விடணும். பசை டின்னெல்லாம் மாடிக்கு ஏத்தணும், தண்ணியில கலந்தா நாத்தம் மட்டும் இல்ல, பத்திக்கவும் செய்யும். ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனியா சுவிட்சை அணைக்கணும். இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் வந்து மெயினை இறக்கிப் பூட்டுப் போடுவாரு. பூட்டுனா நெஜப் பூட்டு. போட்டவர் பாக்கெட்லதான் சாவி இருக்கணும்.

நாங்க பெண்டுங்க எல்லாம் சேர்ந்து டின்னை ஏத்திட்டு இருக்கும்போதே கரண்டு போச்சு. அது நிமிஷத்துக்கு நிமிஷம் நடக்கிறதுதான். அவர் அப்ப கேட்டாண்ட இருந்தாரு. கரண்டு போனா ஜெனரேட்டர் தானா ஓட ஆரம்பிச்சிடும், அது இருக்கிற கேட் ரூமுல தண்ணி ஏறுதுன்னு அதை நிறுத்தி பேட்டரி வயரைக் கழட்டப் போயிருந்தாரு. இங்க முடிஞ்சதும் கூப்பிடுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. கடைசி டின்னை மேல வச்சிட்டுத் திரும்பிப் பாக்குறேன், கீழ்த்தளத்துல செம்மண் தண்ணி. ஏரி கோடி போக ஆரம்பிச்சிருக்கு. வழிஞ்சு வர்ற தண்ணிக்கு நாங்க இருக்கிறது தெரியுமா இன்னா? படிக்கட்டோட கீழ்ப்படி முழுகிடுச்சு, அடுத்ததும் முழுகுச்சு. செவுத்துல இருக்கிற ப்ளக் போர்டு ஒண்ணொண்ணா உள்ள போகுது. மெயின் பேனலுக்கு இனி யாரும் போக முடியாது.

மாடியில அடைஞ்சோம். வாசல் ஒண்ணுதான், படி ஒண்ணுதான். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, திருடனுக்குப் பயந்து போட்டது. அன்னிக்கு அது எங்களை உள்ள வச்சுப் பூட்டுச்சு. எல்லார் ஃபோனும் கேட்டுல வாட்ச்மேன் பெட்டியில. உள்ள ஃபோன் கொண்டாரக்கூடாது, சூப்பர்வைசருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மட்டும்தான் உண்டு. அடி அண்ணாமலையிலிருந்து வர்ற ஒரு அம்மா, கைக்குழந்தையை அத்தைகிட்ட விட்டுட்டு வந்தவ, பால் கட்டி நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு அழறா. இன்னொருத்தி சாமி பேரைச் சொல்லிச் சொல்லி என் உசுரை வாங்குறா. ரப்பர் பசை நாத்தம் வேற தலையைச் சுத்துது.

வேன் வந்து சேரல, ஆனா அப்பதான் டிராக்டர் சத்தம் கேட்டுச்சு. ஊர்க்காரங்க டிரெய்லரோட கேட்டாண்ட வந்துட்டாங்க. "கரை தாங்காது போல, சீக்கிரம் வாங்க, இன்னும் ஏறினா இஞ்சினுக்குள்ள தண்ணி பூந்துடும்"னு ஒருத்தர் கூவுறாரு. டிரெய்லருக்குப் போகணும்னா கீழ்த்தளத்து முழங்கால் தண்ணியில நடந்துதான் போகணும். தண்ணியில கரண்டு இருக்குமோங்கற பயம்தான் எங்களை மேல நிறுத்தி வச்சிருந்தது. ஃபோனை எடுத்து எங்க வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

"இன்னாங்க, கரண்டு கட்டா?"

"கட்டுதான், கட்டுதான்"னாரு. பின்னால மழை இரைச்சல்.

"அப்ப எல்லாரையும் இறக்குறேன். நான் முதல்ல இறங்கிப் பாக்குறேன்"னு சொல்லிட்டு ஃபோனை இடுப்புல செருகிட்டேன். அது உடனே மறுபடி அடிச்சுது. இன்னும் என்னத்தைச் சொல்லப் போறாரு, பார்த்துப் போ, வழுக்கும்னு சொல்லுவாரு. எடுக்கல. அது விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கினேன். தோல் துண்டெல்லாம் தண்ணியில மெதந்துது. தண்ணிக்கு மேல இருந்த கடைசிப் படியில நின்னு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிட்டு, காலை எடுத்தேன்.

மேலயிருந்து ஒரு அலறல். "யக்கா! ஃபேன் சுத்துது!"

எனக்கு முன்னால, ப்ளக் போர்டு முழுகின இடத்துல தண்ணி குமிழி விட்டுச்சு, புஸ்ஸுனு ஒரு சத்தம். தூக்கின காலை எப்படித் திருப்பினேன், எப்படி மேல வந்து விழுந்தேன், ஒண்ணும் தெரியாது. இடுப்புல இருந்த ஃபோன் தண்ணிக்குள்ள போயிடுச்சு. மாடி ஹால்ல ஃபேனெல்லாம் நிம்மதியாச் சுத்திக்கிட்டிருந்துச்சு. டியூப்லைட் எரிஞ்சுது. கரண்டு வந்ததுக்கு அழுத பொம்பளைங்களை அன்னிக்குத்தான் பாத்தேன்.

படுபாவி, கட்டுனு சொன்னியேனு வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். திட்டிக்கிட்டே இருக்கும்போதுதான் மண்டையில தட்டுச்சு. நான் கேட்டது, நீங்க கட் பண்ணியாச்சான்னு. அவர் சொன்னது, கரண்டு கட் ஆயிருக்குன்னு. மழைக்காலத்துல தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்றதைத்தான் அவரும் சொன்னாரு. தானா போனது தானா வரும்னு எல்.கே.ஜி. புள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டுமே இருக்குதேங்கறது மட்டும் அதுவரைக்கும் தெரியல.

மறுபடி மாடியில கூண்டுப் புறா மாதிரி அடைஞ்சு கிடந்தோம். அவரைக் கூப்பிட வழி இல்ல. கேட்டு இருக்கிற பக்கம் செவுரு. எதிர்ப்பக்க ஜன்னல்ல பாத்தா டிரான்ஸ்ஃபார்மர் மேடு மட்டும் தெரியும். டிராக்டர்காரர் ஹாரன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுட்டாரு. போயிட்டாரோன்னு ஒருத்தி கேட்டா. வாயை மூடுடின்னேன். ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு மனுஷனுக்கு இவ்ளோ நேரம் ஆகுமா, பொண்டாட்டி உள்ள கிடக்குறாளேனு ஒரு ஓட்டம் ஓடி வரத் தோணாதா? எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்துது.

திடீர்னு ஃபேன் நின்னுச்சு. யாரும் அசையல. இனி ஃபேனை யார் நம்புவா?

கொஞ்ச நேரத்துல மேட்டுக்கு அவர் வர்றது தெரிஞ்சுது. மழைக்கோட்டுப் போட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தாரு. ரப்பர் கையுறை மாட்டியிருந்தாரு. நாங்க கூவினது மழையில அவருக்குக் கேக்கல. ஒரு தடவை கூட நிமிந்து பாக்கல. கம்பத்தடியில இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தாரு. கம்பத்து உச்சியில மூணு கத்தி இருக்கும், லைனை ட்ரான்ஸ்ஃபார்மரோட சேர்க்கறது. அது மூணும் வாயைப் பொளந்துக்கிட்டு விலகி நின்னுச்சு. கைப்பிடியில பூட்டைப் போட்டாரு. சாவியைப் பாக்கெட்டுல போட்டாரு. "இப்பதான்டி கட் பண்ணியிருக்காரு, நான் கண்ணால பாத்தேன், வாங்க"ன்னு சொன்னேன்.

நாங்க படிக்கு வரும்போது அவரே கீழ்த்தளத்துத் தண்ணியில நடந்து வந்துட்டிருந்தாரு. என்னைப் பாத்ததும் நின்னாரு. அப்படியே தண்ணி முழுகின படியில, இடுப்பு நனைய உக்காந்துட்டாரு. நான் அப்பவும் விடல, "இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"ன்னு எல்லார் முன்னாலயும் கத்தினேன். அவர் எழுந்து, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்கச் சொல்லி, கால்வாய் மூடி திறந்திருக்கிற பக்கம் ஒதுங்கி, எல்லாரையும் டிரெய்லர்ல ஏத்தினாரு. ஆளை எண்ணிப் பாத்துட்டுத்தான் நான் ஏறினேன். டிராக்டர் மேட்டு ரோட்டுக்கு ஏறுச்சு.

"ஃபோனை ஏன் எடுக்கல?"னு அப்பதான் கேட்டாரு. "இறங்காத, பேனல் ஆன்லதான் இருக்குன்னு சொல்லத்தான் அடிச்சேன். அடிச்சுக்கிட்டிருக்கும்போதே கரண்டு வந்துடுச்சு. அதோட உன் ஃபோன் நின்னு போச்சு. அப்புறம்தான் ஈ.பி. ஆபீசுக்குப் போட்டு லைனை நிறுத்தச் சொன்னேன்."

எனக்கு அப்பதான் புரிஞ்சுது. "நான் தண்ணியில இருக்கேன்னு நெனச்சீங்களா?"

"ம்."

"செத்துட்டேன்னா?"

"ஆமா."

"செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டா ஈ.பி. ஆபீசுக்கு ஃபோன் போட்டு உக்காந்திருந்தீங்க? ஓடி வரத் தோணலையா உங்களுக்கு?"

"கட்டட வாசல் வரைக்கும் வந்தேன்"னாரு. "மேல எல்லாரும் கத்துற சத்தம் கேட்டுச்சு. நானும் தண்ணியில கால வச்சுப் போயிட்டா, அவங்களுக்கு லைனை யார் நிறுத்துவா? திரும்பிப் போயிட்டேன். லைன் ஓடும்போது கம்பத்துக் கைப்பிடியை இழுத்தா நெருப்பு பறக்கும், அதான் ஈ.பி.காரங்க நிறுத்திட்டோம்னு சொல்ற வரைக்கும் ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு நின்னேன்."

சுத்தி உக்காந்திருந்தவங்க அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்கு மட்டும் நெஞ்சு கொதிச்சுது. என்னைச் செத்தவளாக் கணக்குப் போட்டுட்டு, திரும்பி நடந்திருக்காரு. அந்த வாசல்ல இருந்து கேட்டு வரைக்கும் அந்த மனுஷன் எப்படி நடந்திருப்பாருன்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எனக்குத் தோணுச்சு.

"சரியாத்தான் செஞ்சீங்க"ன்னேன்.

அவர் ஈரத் துண்டை வாயில வச்சுப் பொத்திக்கிட்டு, டிரெய்லர் ஊருக்குள்ள போய்ச் சேர்ற வரைக்கும் அழுதாரு.