கதவடிக்கு முன்னால் ஒரு டைல்

செய்தி வந்தபோது பிற்பகல் நான்கு மணி ஆகவில்லை. மழை பிடித்திருந்ததால் கடைக்குள் ஆள் இல்லை. சிகிச்சை மையத்திலிருந்து பேசிய பெண், தியோ சியூ சூனுக்கு நான் என்ன உறவு என்று கேட்டாள். "ஒரே கடையில வேல செய்றோம்" என்றேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்று என் எண்ணைத்தான் அவர் எழுதிக் கொடுத்திருந்தாராம். இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருக்கும்போதே இருதயம் நின்றுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை என்றாள். நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்குச் சரி என்று தெரியவில்லை.

எங்கள் ஊரான தெலுக் இந்தானில் வீடு கட்டியவர்களில் பாதிப் பேருக்குச் சூன் அக்காவைத் தெரிந்திருக்கும். கோ முதலாளியின் டைல்ஸ் கடையில் முன்மேசை அவருடையது; பின்னால் கணக்கு மேசை என்னுடையது. நான் கல்லூரி முடித்து இங்கே வேலைக்கு வந்த காலத்தில் மக்கள் அறையின் அளவைச் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டு வருவார்கள். பிறகு எல்லோரும் வரைபடத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினார்கள். படம் கோணலாக இருக்கும், ஓரத்தில் கட்டைவிரல் தெரியும், முக்கியமான எண் மடிப்பில் மறைந்திருக்கும். சூன் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்கருகே கொண்டுபோவார்.

"இது ரூம் பிளானா, ரொட்டி சுத்தின பேப்பரா? கதவ எங்க காணோம்?"

"கதவு இருக்குக்கா. வரையல, அவ்ளோதான்."

"வரையாத கதவு வழியா உன் பொண்டாட்டி எப்படி உள்ள வருவா? போய் அளந்துட்டு வா. செவுரு எவ்ளோ தடிமன்னு பாரு. கதவு அடியில இருக்கிற அந்தப் பட்டைக்கும் டைல்ஸ் வேணும்."

தரைக்குக் கதவடியைக் கூட்ட வேண்டும், சுவரோரப் பட்டைக்குக் கதவின் அகலத்தைக் கழிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வந்து கடையில் சண்டை பிடிப்பார்கள். அவர்கள் கத்தி முடிக்கும்வரை சூன் அக்கா பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டிருப்பார். பிறகு, "கத்தி முடிச்சியா? இப்ப உக்காரு" என்று நாற்காலியை நகர்த்திக் கொடுப்பார்.

சூன் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, பிறகு அதே அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். விருந்துக்குப் போனால் உணவுக்கு முன்னால் தரையைத்தான் பார்ப்பார். என் தங்கையின் கல்யாண மண்டபத்தில், "நடுவுல ரெண்டு வேற லாட் போட்டிருக்கான் பாரு, வெள்ள சட்டையில கறி கொட்டின மாதிரி" என்று என் காதில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். டைல்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் நிற எண் ஒன்று அச்சடித்திருக்கும். ஒரே மாதிரி டைல்ஸ்தான் என்றாலும் வேறு லாட்டில், வேறு தடவை சூளையில் வெந்தது ஒரு சாயல் மாறும். அந்த எண்ணைப் பார்க்காமல் யாருக்கும் அவர் பெட்டி ஏற்றிவிட்டதில்லை.

சிறுநீரகம் கெட்டபின் வாரத்தில் மூன்று நாள் மையத்துக்குப் போக வேண்டி வந்தது. கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். போன நாளில் கடைக்கு வர முடியாது. மறுநாள் வந்தாலும் மேசையில் தலை சாய்த்திருப்பார். முதலாளி நல்லவர்தான். ஆனாலும் முன்மேசைக்கு ஆள் பார்க்கலாமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். அது சூன் அக்கா காதிலும் விழுந்தது.

அதனால்தான் வீட்டிலேயே செய்யும் சுத்திகரிப்புக்கு மாற நினைத்தார். வயிற்றில் குழாய் வைத்து, பையிலிருந்து திரவத்தை ஏற்றி இறக்கும் முறை. தானே செய்துகொள்ளலாம், வேலைக்கும் வரலாம். வயிற்றில் குழாய் வைத்தாகிவிட்டது, பயிற்சியும் முடிந்தது. மிச்சம் ஒன்றுதான். நர்ஸ் நூரைனி வீட்டுக்கு வந்து அறையைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். முதல்முறை வந்தபோது சொல்லவில்லை. அறையின் சிமெண்டுத் தரை பொரிந்து தூசி பறந்தது; குழாய் வழியே கிருமி புகுந்துவிடும் என்றார்.

"ஊருக்கெல்லாம் டைல்ஸ் வித்த, உன் ரூம்ல சிமெண்டா?" என்று நான் கேட்டேன்.

"வாத்தியார் புள்ள படிச்சிருக்கா? அது மாதிரிதான்" என்றார்.

மறுநாள் கடையின் போனுக்கு ஒரு படம் வந்தது. வீடு வாங்கியபோது கொடுத்த பழைய வரைபடம். படுக்கையறையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். அனுப்பியவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"கஸ்டமர் வந்திருக்கேன். கவனிக்க மாட்டியா?"

கணக்கை என்னைப் போடச் சொல்லி, தப்பு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அறை மூவாயிரத்து அறுநூறுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர். டைல் அறுநூறுக்கு அறுநூறு. நீளத்தில் ஆறு, அகலத்தில் ஐந்து, ஆக முப்பது. கதவு தொள்ளாயிரம் அகலம், சுவர் நூற்றுப் பதினைந்து தடிமன். அந்தப் பட்டைக்கு இரண்டு துண்டு வேண்டும், இரண்டையும் ஒரே டைலில் வெட்டிவிடலாம். முப்பத்தொன்று. சேதத்துக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் முப்பத்து நாலைத் தாண்டுகிறது, எனவே முப்பத்தைந்து. பெட்டிக்கு நான்கு, ஒன்பது பெட்டி. பெட்டி விலை முப்பத்தெட்டு வெள்ளி, ஆக முந்நூற்று நாற்பத்திரண்டு. பசை மூன்று மூட்டை ஐம்பத்து நாலு, இடைவெளி பூசும் மாவு இரண்டு பொட்டலம் பதினாறு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. சுவரோரத்தில் ஏற்கெனவே மரப்பட்டை இருந்ததால் அதற்குக் கணக்கில்லை.

"கதவ மறக்கல. பரவால்ல, தேறிட்ட" என்றார். பிறகு, "எட்டுப் பெட்டி எழுது" என்றார்.

அவர் ஆசைப்பட்டது சாம்பல் கோடு ஓடும் பால்நிற டைல். பழைய லாட்டில் எட்டே பெட்டிதான் மிச்சம். புதிய லாட் வந்திருந்தது. அது ஒரு சாயல் மஞ்சள்.

"எட்டுன்னா முப்பத்திரண்டுதான். சேதத்துக்கு?"

"முப்பத்தொண்ணு வேணும், முப்பத்திரண்டு இருக்கு. மொக்தார் கை உனக்குத் தெரியாதா? அவன் ஒடைக்க மாட்டான்."

எந்த வாடிக்கையாளரையும் அவர் இப்படி அனுப்பியிருக்க மாட்டார். ஒன்பது பெட்டியும் புதிய லாட்டிலேயே எடுக்கலாம் என்றேன். காது கேட்காதவர் மாதிரி இருந்தார்.

மொக்தார் எங்கள் கடை வாடிக்கையாளர்களுக்கெல்லாம் டைல்ஸ் பதிப்பவர். சூன் அக்காவிடம் கூலி வாங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் பெட்டியைப் பிரித்தபோதே ஒன்றின் மூலை பெயர்ந்திருந்தது. அதைக் கதவடிப் பட்டைக்கு வைத்துக்கொண்டார். மிச்சம் முப்பத்தொன்று. இடைவெளிகளையும் சேர்த்தால் ஆறு டைல் அந்த நீளத்துக்குள் அடங்காது. கடைசி வரிசையில் ஒரு விரல் அகலம் சீவ வேண்டும். அப்படி மெல்லியதாகச் சீவும்போதுதான் டைல் உடையும். இரண்டு உடைந்தன. தரைக்கு முப்பது வேண்டும், இருந்தது இருபத்தொன்பது.

மாலையில் நான் போனபோது அறை முழுக்கப் பளபளத்தது. தூரத்துச் சுவரிலிருந்து பதித்துக்கொண்டு வந்ததால், கதவைத் திறந்ததும் கால் வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு சதுரம் சிமெண்டாகவே இருந்தது.

"ஒரே ஒரு கல்லு அக்கா," என்றார் மொக்தார். "புது லாட்ல ஒண்ணு கொண்டாந்து போட்டுடறேன். மேல ஒரு மிதியடி போட்டுக்குங்க, யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நர்ஸம்மா கலரு பாக்கவா வராங்க?"

"நீ முப்பது வருஷமா டைல்ஸ் போடறவன்தானே? வேற வீட்ல இப்படிப் போடுவியா?"

"வேற வீட்ல ஒம்போது பெட்டி குடுப்பீங்க."

சூன் அக்கா சிரித்துவிட்டார். மொக்தாரும் சிரித்தார். ஆனால் சூன் அக்கா இறங்கி வரவில்லை. ஈப்போவில் முதலாளியின் அண்ணன் கடையில் அதே எண்ணில் பிரித்த பெட்டி ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. லாரி வரும்போது கொடுத்தனுப்புகிறேன் என்றார்கள். அக்கா நர்ஸிடம் போன் பேசி, இரண்டாம் வருகையைத் தள்ளிப்போடச் சொன்னார். நர்ஸ் சொன்னது என் காதிலும் விழுந்தது: "தரை கழுவுற மாதிரி இருந்தா போதும், ஆண்ட்டி. நிறத்துக்கெல்லாம் எங்க ஃபார்ம்ல இடமே இல்ல." சூன் அக்கா பணிவாக, "தெரியும்மா, ஒரு வாரம்தான்" என்றார்.

அந்த வாரம் லாரி வரவில்லை. அடுத்த வாரம் நோன்புப் பெருநாள், கடைகள் அடைத்திருந்தன. அவர் பழையபடி மையத்துக்குப் போய்வந்தார். ஒருநாள் மேசையில் சாய்ந்தபடியே என்னிடம் சொன்னார்:

"தமா, சின்ன வயசுல எங்க வீட்ல பாக்குற எடமெல்லாம் ஒட்டுதான். கடைகள்ல மிஞ்சின டைல அப்பா பொறுக்கிட்டு வந்து ஒட்டுவாரு. பச்ச ஒண்ணு, செவப்பு ஒண்ணு. வர்ற புள்ளைங்க சிரிக்கும். என் ரூம்ல ஒரு தரை, ஒரே நிறம். அவ்ளோதான் கேக்குறேன்."

நான் அதற்குப் பிறகு புதிய லாட்டைப் பற்றிப் பேசவில்லை.

செய்தி வந்த அன்று ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் பேசினார். வீட்டிலேயே சுத்திகரிப்பைத் தொடங்கியிருந்தாலும் இது நடந்திருக்கலாம், அவருடைய இருதயம் முன்பே பலவீனம் என்றார். நடக்காமலும் இருந்திருக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுவார் போலிருந்தது.

சடங்குகள் முடிந்து கடையைத் திறந்த காலையில் ஈப்போ லாரி வந்தது. டிரைவர் ஒரு பெட்டியை முன்மேசைமேல் வைத்து, "சூன் அக்காவோடது, கையெழுத்துப் போடுங்க" என்றான். நிற எண்ணைப் பார்த்தேன். அதே எண்தான். முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாடகைக்கு ஆள் வந்தால் வீட்டை ஒப்படைக்கும்படி பினாங்கிலிருந்த அவருடைய தம்பி சாவியை என்னிடம் விட்டுப் போயிருந்தார். நானும் மொக்தாரும் போனோம். மொக்தார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக் கதவருகே மண்டியிட்டு உட்கார்ந்தார். அந்தச் சதுரத்தைத் துடைத்தார், பசை தடவினார், டைலை ஓரம் சீவி வைத்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினார். மட்டம் பார்த்தார். மறுபடி தட்டினார். வெளிச்சம் விழும்படி சன்னலைத் திறந்துவிட்டு இருவரும் நின்று பார்த்தோம். எது கடைசியாக வைத்தது என்று நிறத்தைக் கொண்டு சொல்ல முடியாது.

"இப்ப திட்ட மாட்டாங்க" என்றார் மொக்தார்.

பசை காய ஒருநாள் ஆகும், அதன்பிறகுதான் இடைவெளியில் மாவு பூச வேண்டும் என்றார். மறுநாள் காலையிலேயே வீட்டைக் கேட்டு ஆள் வந்துவிட்டதால் சாவியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு டைலைச் சுற்றி நான்கு பக்கமும் இன்னும் பூசாமல் இருக்கிறது.