யாகப்பர் மாமாவின் என்ஜின் வீடியோ

பேசாலையில் யாகப்பர் மாமாவைப் போல வாய்க்காரர் ஒரு காலத்தில் யாரும் இல்லை. கரையில் வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே பாதர் முதல் நேவிக்காரன் வரைக்கும் எல்லாரையும் கிண்டலடிப்பார். மகன் ஜெனிஸ்ரன் கடலில் போன பிறகு அந்த வாய் அடைத்துப்போயிற்று. சோழகக் காற்று வீசும் காலத்தில் ஒரு விடியல் பொடியன் தனியே போனான். படகை மட்டும் தீடை மணல்திட்டுப் பக்கம் கண்டெடுத்தார்கள். உடல் கிடைக்கவில்லை. நான் ஸ்ரூடியோ வைத்திருப்பவள். இந்த ஊரில் கலியாணத்தைவிடச் செத்தவீட்டைத்தான் அதிகம் எடுத்திருக்கிறேன், கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தக்காரர் பார்க்க வேண்டுமே. ஜெனிஸ்ரனுக்கு எடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் தாய் எடித் மாமி வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஒரே கதையைத்தான் சொல்லுவா. "இவருக்குக் காய்ச்சல். நான்தான் பிள்ளையை எழுப்பி விட்டனான். நான் எழுப்பாட்டி அவன் படுத்திருப்பான்." பாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கும் இதையே கொண்டுபோகிறா என்று அவவே சொன்னா. மூன்று வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே நெஞ்சு மரத்துவிட்டது. மாமா பக்கத்தில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மன்னார் ரவுணில் படகு என்ஜின் கடை வைத்திருக்கிற ஜெகதீபன் ஒரு நாள் கூப்பிட்டான். தன்னிடம் புது என்ஜின் வாங்கினவர்களைப் பேச வைத்து பேஸ்புக்கில் போட வேண்டுமாம். முதல் ஆள் யாகப்பர் மாமா. கேட்க வேண்டிய கேள்விகளையும் அனுப்பியிருந்தான். 'எங்கள் என்ஜின் நல்லதா?' 'எங்கள் சேவை திருப்தியா?' இப்படிக் கேட்டால் 'ஓம்' என்று ஒரு சொல் வரும், அதற்குமேல் என்ன வரும்? ஆளின் கதை வேண்டுமென்றால் கதையைக் கேட்க வேண்டும். நான் அவனுடைய கேள்விகளைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எழுதினேன். இந்த என்ஜினுக்கு முதல் கடலில் என்ன கஷ்டம்? வாங்கும்போது என்ன யோசித்தீர்கள்? இப்போது என்ன மாறியிருக்கிறது?

முதல் கேள்வி எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வீடியோ எடுக்கப் போகிறதுக்கு முதல் நாளே போய்க் கேட்டேன். "மாமா, ஜெனிஸ்ரன் தம்பியின்ர கதை வரும். வேண்டாமெண்டா அதை விடுவம்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேள் பிள்ளை. கதைக்கத்தான் வேணும்" என்றார்.

அடுத்த நாள் காலையில் போனேன். கதிரையைச் சுவரோடு ஒட்டாமல் முன்னுக்கு இழுத்து, யன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் விழுகிற மாதிரிப் போட்டேன். யன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டால் ஆள் கரிக்கட்டையாகத் தெரிவார். மற்றப் பக்கம் இருட்டாக இருந்தது. லைட் ஒன்றும் வேண்டாம், மீன்பெட்டியின் வெள்ளை றெஜிபோம் நுரைமூடியை யாராவது பிடித்தால் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். "நான் பிடிக்கிறன்" என்று எடித் மாமி கதிரைக்குப் பக்கத்தில், படத்துக்குள் விழாத இடத்தில் நின்றுகொண்டா.

மைக்கைச் சட்டையில் நெஞ்சுக்கு மேலே குத்தினேன். மின்விசிறியை நிற்பாட்டி, பிரிட்ஜின் வயரையும் கழற்றினேன். காதில் ஹெட்போன் போட்டதும்தான் அந்த வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. மாமா மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"மாமா, கமராவைப் பாக்காதேங்கோ, என்னைப் பாத்துக் கதையுங்கோ. என்ர குரலை வெட்டிப்போடுவன். அதால ஓம், இல்லை எண்டு நிப்பாட்டாமல் முழுசாச் சொல்லுங்கோ."

"ஓம்" என்று சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை காலம்.

கேட்டேன். "இந்த என்ஜினுக்கு முதல் கடலில என்ன கஷ்டம் இருந்தது?"

"இந்த என்ஜினுக்கு முதல் இருந்தது பழசு" என்று தொடங்கினார். "இடையில இடையில நிண்டு போகும். அதை எப்பிடி எழுப்புறதெண்டு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது." நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயக் கூடாது, கமராவையும் நிற்பாட்டக் கூடாது. ஆள் உண்மையில் சொல்ல வந்தது அந்த அமைதிக்குப் பிறகுதான் வரும். இது என் தொழிலில் நான் படித்த பாடம். அன்றைக்கு அந்தப் பாடத்தை நினைத்து எனக்கே கோபம் வந்தது.

"அவன் போறதுக்கு முதல் நாள் நடுக்கடலில நிண்டிட்டுது. காத்து வேற. நான் பயந்திட்டன் பிள்ளை. விடியப் போக எனக்கு மனம் வரேல்லை. காய்ச்சல் எண்டு போர்த்துக்கொண்டு படுத்தனான். காய்ச்சல் இல்லை."

அவருடைய முகத்தின் ஒரு பக்கம் இருண்டது. எடித் மாமி மூடியைக் கீழே இறக்கிவிட்டா. கமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் மாமியைப் பார்க்கப் பயந்து மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் போயிற்று.

"நிப்பாட்டட்டா மாமா?"

"இல்லை. மிச்சத்தைக் கேள். கடைக்காரனுக்கு வாக்குக் குடுத்தாச்சு."

மிச்சத்தைக் கேட்டேன். மூடியை ஒரு கதிரையில் சாய்த்து வைத்தேன். புது என்ஜின் ஒரு நாளும் இடையில் நிற்கவில்லை என்று ஒரு பிசகில்லாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. நான் சாமானைக் கட்டும்போது மாமி ஒரு பையோடு வெளியே வந்தா. அழுத முகமாகவும் இல்லை. "நறுவிலிக்குளத்துக்கு, தங்கச்சி மக்டலின் வீட்டை போறன்" என்று என்னிடம்தான் சொன்னா. அவரிடம் சொல்லவில்லை.

ஜெகதீபன் முழுவதையும் பார்த்துவிட்டுத் துள்ளினான். "அந்தக் காய்ச்சல் துண்டையும் போடுங்கோ அக்கா. சனத்தின்ர நெஞ்சில படும்." உன் கடையை வேறு ஆளைக் கொண்டு எடுப்பி என்று சொல்லிவிட்டேன். கடைசியில் என்ஜின் நல்லது என்கிற பகுதியை மட்டும் வாங்கிப் போட்டான். கீழே நிறையப் பேர் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள்.

மாமி திரும்பி வரவில்லை. ஒரு பின்னேரம் மாமா ஸ்ரூடியோவுக்கு வந்தார். சவரம் செய்யாமல், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"பிள்ளை, அந்த முதல் துண்டை எடித்துக்கு அனுப்பு. நான் அதில மன்னிப்புக் கேட்டனான். அவ அதுக்கிடையில உள்ளுக்குப் போயிட்டா. கேட்டிருந்தா இப்பிடி இருக்கமாட்டா."

எனக்கு அப்படி ஒன்றும் நினைவில் இல்லை. பதற்றத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம் என்று நினைத்து, ஹெட்போனைப் போட்டு முழுவதையும் ஓட்டினேன். பிறகு இன்னொரு முறை. சத்தம் அவ்வளவு தெளிவு. இருந்திருந்தால் முணுமுணுப்பாவது பிடிபட்டிருக்கும்.

"மாமா, அப்பிடி ஒண்டும் இல்லை."

"இல்லை பிள்ளை, கேட்டனான். எனக்குத் தெரியும்."

ஹெட்போனைக் கழற்றி அவருடைய காதில் வைத்தேன். 'காய்ச்சல் இல்லை' என்கிற தன் குரலைக் கேட்டார். திரையில் முகத்தின் ஒரு பக்கம் இருண்டது. அதற்குப் பிறகு வெறும் அமைதி. அவருடைய மூச்சு, அதற்குப் பின்னால் மெல்லியதாக இன்னொரு மூச்சு. அது நீண்டுகொண்டே போயிற்று. அதற்கும் பிறகுதான் செருப்புச் சத்தம்.

"திரும்பப் போடு" என்றார். போட்டேன்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவ உடன போகேல்லை" என்றார். "நான் மன்னிப்புக் கேப்பன் எண்டு நிண்டிருக்கிறா."

எழும்பி வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தார். வீடியோவை அனுப்பவா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.