ஒரே மெஷினுக்கு நாலு பேர்

1991-ல் ஒரகடம் ரோட்டில் ஒரு தகரக் கூரை ஃபேக்டரியின் ஆபீஸில் நான் கடிதம் அடிக்கும் வேலை பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஷாப். தகட்டை டை என்கிற அச்சில் வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கும். ஒரு மிதிக்கு ஒரு அடி, அவ்வளவுதான் கணக்கு. நான் டைப் அடித்துக்கொண்டே அந்த அடிகளை எண்ணுவேன். ஏனென்றால் ஜப்பானிலிருந்து வந்த பிரஸ்ஸில் நின்றவன் என் சொந்த அண்ணன்.

ஒரு திங்கட்கிழமை காலை அடுத்தடுத்து இரண்டு அடி கேட்டது. டைப் அடிப்பதை விட்டுவிட்டு எழுந்தேன். எட்டிப் பார்த்தேன். அண்ணன் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கை முழுசாக இருந்தது.

"ஒரு தபா தான் மிதிச்சேன். அது ரெண்டாவது தபா தானா எறங்குது. போன வாரமும் ஒரு வாட்டி இப்டி ஆச்சு" என்று சூப்பர்வைசரிடம் சொன்னான்.

சூப்பர்வைசர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மெஷின் பண்ணவனுக்கே எழுதும்மா. அவன் பதில் வர்ற வரைக்கும் ஓட்டட்டும். வியாழக்கிழமை லோடு போவணும்" என்றார். ஓட்டுகிறவனுக்குத் தங்கை நான்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். முதல் பத்தி முழுக்க நலம் விசாரிப்பு, நன்றி, இரண்டு கம்பெனிகளின் நெடுநாள் நட்பு. இரண்டாவது பத்தியில் எரிமலையின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு உவமை. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போட்டால் நடை கெட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு இடத்தில் பிரஸ், ஒரு இடத்தில் மெஷின், அப்புறம் யூனிட், அப்புறம் எக்விப்மென்ட் என்று எழுதினேன். தானாக இறங்குகிற விஷயம் நான்காவது பத்தியில், தங்கள் வசதிப்படி கவனித்தால் நன்றியுடையோம் என்கிற வணக்கத்துக்கு மேலே ஒளிந்திருந்தது. மேனேஜர் படித்துவிட்டு, "அடேங்கப்பா, என்னா இங்கிலீஷு!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபேக்ஸ் போனது.

செவ்வாய் காலை பதில் வந்திருந்தது. நான்கே வரி. கடிதத்துக்கு நன்றி. பிரஸ், மெஷின், யூனிட், எக்விப்மென்ட் என்று நான்கு பொருட்கள் உங்களிடம் இருப்பதாகப் புரிந்துகொண்டோம். எந்தப் பொருளுக்கு என்ன குறை என்று எழுதவும். எங்கள் ஆள் அடுத்த மாதம் இந்தியா வரும்போது பார்ப்பார்.

அடுத்த மாதமா! அங்கே யாரோ ஒரு மனுஷன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் அலங்காரத்தை ஒவ்வொரு வார்த்தையாகப் புரட்டிப் பார்த்திருக்கிறான். அதில் ஆபத்து என்று ஒன்று இருந்ததே அவன் கண்ணில் படவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அடி விழுந்துகொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டேன்.

பன்னிரண்டரைக்கு கேன்டீனில் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ண்ணா, வயித்துவலின்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடேன்."

"இன்னாம்மே, பர்மனென்ட் ஆவ ரெண்டு மாசம் கீது. இப்பப் போனா கேட்டுக்கு வெளியதான்."

அவன் பேசியபடியே சாப்பிட்டான். வலது கை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. அழுதுவிடுவேன் என்று பயந்து, என் கடிதத்தின் நகலை எடுத்து அவனுக்குப் படித்து அர்த்தம் சொன்னேன். அவன் ஐடிஐ. மெஷின் பலகையில் இருக்கிற ஆங்கிலம் வரைக்கும் தெரியும். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இரு இரு. கீறது ஒரு மெஷினு. அதுக்கு இன்னாத்துக்கு நாலு பேரு வெக்கிற? எரிமல எங்க வந்துச்சு இதுல?"

"அது அழகுக்கு ண்ணா."

"அழகா? கை போற விசயத்துல?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒரு வரியில் ஒரே விஷயம். அவனுக்குப் புரியாத வார்த்தையைக் கோடு போட்டு நீக்கினேன். முதல் வரியிலேயே ஆபத்து என்று போட்டேன். பிறகு பிரஸ்ஸின் நம்பர். அடுத்து, ஆள் பெடலை ஒரு முறை மிதித்தான். காலை எடுத்தான். பிரஸ் இரண்டு முறை இறங்கியது. இது இரண்டு தடவை நடந்தது. ஆளின் கை பிரஸ்ஸுக்குள் போகிறது. பிரஸ் இப்போதும் ஓடுகிறது. கடைசியில் ஒரு கேள்வி: பிரஸ்ஸை நிறுத்த வேண்டுமா? ஆமா, இல்லை என்று எழுதி, ஒன்றில் குறியிடச் சொன்னேன். பிரஸ் என்ற சொல்லை ஒவ்வொரு வரியிலும் போட்டேன். என் டீச்சர் பார்த்தால் காதைத் திருகியிருப்பார்.

அண்ணன் ஒருமுறை தானாகவே படித்தான். "இது புரியுது" என்றான். ஒரு மணிக்குப் பெல் அடித்தது. அவன் எழுந்து போய்விட்டான்.

ஜப்பானில் இப்போது மணி நாலரை. ஐந்துக்கு ஆபீஸ் மூடிவிட்டால் நாளைக்குத்தான். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டுகூட வெளியே போகக் கூடாது. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன என்று நானே டயல் பண்ணினேன். லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை கிடைத்து, பாதிப் பக்கத்தில் அறுந்தது. நான் ஃபேக்ஸ் மெஷினிடம் கெஞ்சினேன், அதைத் திட்டினேன். ஐந்தாவது தடவை முழுசாகப் போயிற்று.

மேனேஜர் வந்து நகலைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது, எல்கேஜி பசங்க எழுதற மாதிரி? கம்பெனி மானத்த வாங்கிட்டியே! யாரக் கேட்டு அனுப்புன?"

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் என் காது பிரஸ் ஷாப்பில் இருந்தது. ஒரு அடி. ஒரு அடி. ஒரு அடி.

அவர் திட்டி முடிப்பதற்குள் ஃபேக்ஸ் மணி அடித்தது. என் தாளே திரும்பி வந்தது. ஆமா என்பதைச் சுற்றித் தடித்த பேனாவால் வட்டம். கீழே கையெழுத்தில், பிரஸ்ஸை இப்போதே நிறுத்து. மெயின் பவரை எடு. சக்கரம் நிற்கும் வரை காத்திரு. யாரும் கையை உள்ளே வைக்காதே. கிளட்ச் வால்வைக் கழற்றிப் பார். என்னை மாதிரியே, ஒரு வரிக்கு ஒரு விஷயம். எழுதினவன் அவசரமாக எழுதியிருக்க வேண்டும், எழுத்து கோணலாக இருந்தது.

மேனேஜர் வாங்குவதற்கு முன் தாளைப் பறித்துக்கொண்டு ஓடினேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்து, "சாரு சைன் இல்லாம நிறுத்த முடியாதும்மா" என்றார். நான் அவரைத் தாண்டி அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் தாளைக் கையில் வாங்கிப் படித்தான். யாரும் அர்த்தம் சொல்லவில்லை. முதல் வரி முடிந்ததும் சுவிட்சைத் தட்டினான்.

சாயங்காலம் வால்வைக் கழற்றியபோது உள்ளே ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. கிளட்சைப் பிடிக்க வைக்கிற காற்று வெளியே போக வழியில்லாமல், காலை எடுத்த பிறகும் அது விடாமல் பிடித்து இரும்பை இறக்கியிருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். மேனேஜர் ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அந்தப் பதிலை ஃபைலில் வைக்கச் சொன்னார்.

அந்தத் தாளில் அண்ணன் பிடித்த இடத்தில் எண்ணெய்க் கறை. முன்பக்கம் ஒரு கட்டைவிரல், பின்பக்கம் நான்கு விரல். ஃபைலில் வைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். பக்கத்திலேயே என் முதல் கடிதமும் இருந்தது, ஒரு கறையும் இல்லாமல், அவ்வளவு அழகாக. அதை அனுப்பினதுக்கும் இதை அனுப்பினதுக்கும் நடுவில் ஒரு நாள் முழுக்க அவன் அந்த பிரஸ்ஸுக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நாளை அவனுக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான்.