இரண்டு முறை வடிகட்டிய சாறு

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் என் கணவருக்கு ஜூஸ் கடை. எனக்குக் கம்பெனியில் பகல் ஷிப்ட். அதனால் ஒன்றரை வயது மகள் பகலெல்லாம் கடையில் அவரிடம்தான் இருப்பாள்.

கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு முறை வடிகட்டுவார். மகளுக்கு இரண்டு முறை. தொண்டையில் ஒரு துளி சக்கைகூடச் சிக்கிவிடக் கூடாதாம். சாத்துக்குடிச் சாறு பால் புட்டியில் ஏறும். அவளும் அதைக் கையோடு வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சப்புவாள். மாலையில் நான் பிசைந்து ஊட்டும் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எடை ஏறவில்லை. மேல் முன்பற்களில் ஈறோரமாகப் பழுப்பு படிந்தது.

குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் பெருமையாகவே சொன்னார்: "சர்க்கரை போடறதில்லைங்க மேடம், ஐஸும் இல்ல. சுத்தமான பழச்சாறுதான்."

"ஒரு டம்ளருக்கு எத்தனை பழம்?"

"மூணு, நாலு ஆகுங்க."

"நாலு பழத்தை உரிச்சுக் குடுத்தா இவளால தின்ன முடியுமா? பாதியிலயே போதும்னு தள்ளிடுவா. அப்படித் தள்ள வெக்கறது சக்கையில இருக்கற நார்தான். நீங்க அதை வடிகட்டிட்டீங்க. மிச்சம் இருக்கற சர்க்கரை சட்டுனு ரத்தத்துல ஏறிடும். சாறு குடிச்சே வயிறு ரொம்புனா சோறு எப்படி இறங்கும்? புட்டிய சப்பிக்கிட்டே இருந்தா பல்லு சொத்தையாகாம என்னாகும்?"

டாக்டரம்மா கொஞ்சம் தணிந்தார். ஒரு வயதுக்குள் சாறே வேண்டாம். மூன்று வயது வரை கொடுத்தே தீர வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு அரை டம்ளருக்கு மேல் கூடாது. அதையும் சாப்பாட்டோடு டம்ளரில்தான் கொடுக்க வேண்டும். பழமாகவே சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள் என்றார். பல் டாக்டரிடமும் காட்டச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் பொங்கியது. வீட்டுக்குப் போனதும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அவர் கைகூடக் கழுவாமல் புட்டியைக் குப்பையில் போட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஒரு சாத்துக்குடியை உரித்தார். சுளையின் தோலை நீக்கி, விதை எடுத்து, துளித் துளியாகப் பிய்த்து மகளுக்கு ஊட்டினார். அவள் ஆசையாக வாங்கிக்கொண்டாள். புட்டியைச் சப்புவது போலவே உறிஞ்சினாள். சாறு இறங்கியதும் சக்கையை அவர் உள்ளங்கையில் துப்பிவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.

"மெல்லு கண்ணு, இப்படி," என்று அவர் வெறும் வாயை மென்று காட்டினார். அவள் சிரித்தாள். அடுத்த துண்டையும் உறிஞ்சிவிட்டுத் துப்பினாள்.

அவர் கையை மூடாமல் என் பக்கம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

"இவளுக்கு மெல்லவே தெரியலம்மா."

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.