ஏழாவது கேள்வி

உயர்தரச் சோதனைப் பெறுபேறு வந்த அன்று காலையிலேயே காற்று எழும்பிவிட்டது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாது என்று பஸ் நடத்துநர் சொல்லிக்கொண்டு போனார். புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் வீட்டு அடுப்படிக் கதவு சும்மா சும்மா அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சாத்தக்கூடத் தோன்றாமல் போனும் கையுமாக இருந்தேன்.

என் சிநேகிதி நெடுந்தீவில் இருந்தாள். இரண்டாம் தரமும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் உயர்தரம் எழுதினோம். தன் சோதனைச் சுட்டெண்ணை முதல் நாளே எனக்கு அனுப்பியிருந்தாள். தன் கையால் அடித்துப் பார்க்கத் தனக்குத் தைரியம் இல்லையாம், நானே பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டுமாம். நானும் பெரிய மனுசி மாதிரி ஓம் என்றுவிட்டேன்.

என்னுடையது முதலில் வந்தது. மூன்று பாடமும் சித்தி, பாஸ்தான். பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியும் போன தரத்தைவிடக் கூட. சந்தோசப்பட நேரமில்லை, அவளுடைய எண்ணை அடித்தேன். உயிரியல் சித்தி. பௌதிகவியல் சித்தி. இரசாயனவியலுக்கு நேரே எஃப். இசட் புள்ளி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, மாவட்ட நிலையும் இல்லை. ஒரு பாடம் போனால் அவ்வளவுதான். மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க ஏலாது.

அந்த நேரத்தில் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கும். உள்ளதைச் சொல்ல வாய் வரவில்லை. பெறுபேற்றுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அதன் கீழே, யாரோ எப்போதோ எனக்கு அனுப்பிய, சூரியன் உதிக்கிற படமொன்றையும் தட்டிவிட்டேன். தோற்றவர்களுக்கென்றே அச்சடித்த மாதிரி நாலு வரி அதில் இருந்தது.

அவள் பார்த்துவிட்டாள். "சரி" என்று ஒரே ஒரு சொல் வந்தது. பிறகு நான் எடுத்தால் அவளுடைய போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

பின்னேரம் அவளுடைய அம்மா எனக்குப் போன் எடுத்தா. சாப்பிடாமல் வெளிக்கிட்டுப் போனவள் இன்னும் வரவில்லையாம். தன் மண்டையில் ஒன்றும் ஏறாது, இனி ஒரு சோதனையும் எழுதமாட்டேன் என்று சொன்னாளாம். பாடக் கொப்பிகள் எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு மேற்குக் கடற்கரைப் பக்கம் நடந்தாளாம். தகப்பனும் தமையனும் தேடிப் போயிருக்கினம் என்றா. குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

"பிள்ளை, நீ ஏதும் சொன்னனியோ அவளுக்கு?" என்று கேட்டா.

"இல்லை அன்ரி," என்றேன். உண்மைதான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஒன்று மாதக்கணக்காக என்னிடம் கிடந்தது.

இரசாயனவியல் இரண்டாம் தாள் அன்று நடந்த விசயம் அது. சோதனை முடியும்வரை அவள் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அன்று சோதனைக்குப் போகும் வழியில் எங்கள் பஸ் மண்டைதீவுச் சந்தியில் ரயர் வெடித்து நின்றது. இன்னொரு பஸ் பிடித்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, கேள்விகளை வாசிக்கத் தருகிற பத்து நிமிடமும் முடிந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் மூச்சிரைக்க உட்கார்ந்து, வாசிக்காமலே பேனையைத் திறந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் விரல் மடித்துச் சொன்னாள். கட்டுரைக் கேள்விகளில் ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் செய்தாளாம். பிறகு ஒன்பதாவதும் செய்தாளாம். ஏழாவதைத்தான் எல்லாவற்றிலும் திறமாகச் செய்ததாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் பிழை பிடிபட்டது. ஐந்து முதல் ஏழு வரை ஒரு பகுதி, அதில் இரண்டுதான் எழுதலாம். எட்டு முதல் பத்து வரை மற்றப் பகுதி, அதிலும் இரண்டு எழுதவேண்டும். வந்த பதற்றத்தில் பகுதியைப் பார்க்காமல், மொத்தம் நாலு எழுதினால் சரி என்று அவள் எண்ணியிருக்கிறாள். ஒரு பகுதியில் ஒன்று கூட, மற்றதில் ஒன்று குறைவு. கூட எழுதிய கடைசிக் கேள்விக்கு, அந்த ஏழாவதுக்கு, புள்ளி இல்லை.

நான் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன். பௌதிகவியல் இன்னும் எழுதக் கிடந்தது. இப்போது சொன்னால் அதையும் குழப்பிவிடுவாள், முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்த பிறகு, பெறுபேறு வரட்டும் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குத்தான் துணிவில்லை, வேறென்ன.

அன்ரி போனை வைத்தா. படகு இல்லை, போகவும் ஏலாது. கதிரையில் இருந்துகொண்டு போனில் அவளுக்குத் தட்டத் தொடங்கினேன். மூன்று தரம் அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்:

"எடி, அந்தச் சூரியப் படத்தை அழிச்சுவிடு. நான் பயத்தில அனுப்பினது. கெமிஸ்றி போனது மண்டையில ஏறாததால எண்டு மட்டும் நினைக்காதை. போன தரம் அதே பாடம் பாஸ் பண்ணினவள் நீ. ஐஞ்சு, ஆறு, ஏழு ஒரு பகுதி, அதில ரெண்டுதான் செய்யலாம். நீ மூண்டு செய்தனி. ஒண்டை அவை கணக்கில எடுத்திருக்கமாட்டினம். மற்றப் பகுதியில ஒண்டு செய்யாமல் விட்டிட்டாய். அது மட்டும்தான் காரணமோ எனக்குத் தெரியாது, பொய் சொல்லமாட்டன். ஆனா அது பெரிய ஓட்டை.

மீள்பரிசீலனைக்குப் போடு, ஆனா நம்பி இருக்காதை, கூட எழுதினதுக்கு அதிலயும் புள்ளி வராது. இன்னும் ஒரு தரம் இருக்கு. அதுதான் கடைசி, மூண்டு பாடமும் திரும்ப எழுதவேணும். கஸ்டம்தான். எழுதுறதோ விடுறதோ உன்ர முடிவு. இண்டைக்கு முடிவெடுக்காதை. இண்டைக்கு வீட்டை போ, அது மட்டும் காணும். நீ இல்லாமல் எனக்கு இந்தப் பாஸ் ஒண்டுக்கும் உதவாது. இன்னொண்டு. இது எனக்கு அண்டைக்குப் பஸ்ஸிலயே தெரியும். சொல்லேல்லை. என்னை ஏசு."

அனுப்பிய செய்தியின் கீழே ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. அவளுடைய போன் இன்னும் உயிரில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம். கடைசி வரியை அழிக்கலாமா என்று விரலை வைத்து வைத்து எடுத்தேன். ஏற்கெனவே கரையில் நிற்கிறவளுக்கு இதையும் ஏன் சொன்னேன் என்று என்னையே நொந்துகொண்டேன். கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அன்ரிக்கு எடுத்தேன், இன்னும் வரவில்லை என்றா. பொழுது மங்கிக்கொண்டு வந்தது.

விளக்கு வைக்கிற நேரம் அடையாளம் இரண்டாகி, நீலமானது, வாசித்துவிட்டாள். அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் காற்றும் அலையும் மட்டும்தான் கேட்டன. பிறகு அவள்.

"அண்டையில இருந்து உனக்குத் தெரியும். நான் இவ்வளவு நாளும் அந்த ஏழாவது கேள்வியை நம்பிக்கொண்டு இருந்தனான்."

பின்னால் ஒரு ஆம்பிளைக் குரல் அவளைக் கூப்பிட்டது.

"அண்ணை வந்து நிக்கிறார். வீட்டை போறன். என்ர கொப்பியெல்லாம் கடலுக்க போட்டிட்டன். உன்ர கெமிஸ்றிக் கொப்பியைக் காத்து விழுந்தாப் பிறகு வாற முதல் போட்டில குடுத்துவிடு. நீ வராதை."

நான் அடுப்படி நிலத்தில் இருந்துகொண்டு வாய்விட்டு அழுதேன்.

காற்று விழ மூன்று நாள் எடுத்தது. குறிகட்டுவானில் கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றிப் படகுக்காரரிடம் கொடுத்தேன். முதல் கொப்பியின் மட்டையில் எந்தப் பகுதியில் எத்தனை கேள்வி என்று சிவப்புப் பேனையால் எழுதியிருந்தேன். படகில் இடம் இருக்கிறது, ஏறுங்கோ என்றார் அவர். இல்லை அண்ணை, கொப்பி மட்டும்தான் என்றேன்.