பொதுக் கடுதாசி போன கார்டு

தனுஷ்கோடி அண்ணாச்சி படிச்சது மூணாப்பு. அந்த மூணாப்பை வச்சே இராஜபாளையத்தில் இருபத்தி நாலு தறி போட்டு, பேண்டேஜ் துணி நெய்து, தொண்ணூத்தி ஒம்பதில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டரும் வாங்கி வைத்தவர். தெருவில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். பட்டம் வாங்கினவனெல்லாம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான்.

அதை ஓட்டுகிறவள் மாஜிதா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அண்ணாச்சி தமிழில் சொல்லச் சொல்ல, இங்கிலீஷில் இமெயில் அடித்து வைத்துக்கொள்வாள். போன் லைன் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடுவாள்.

அந்த வருஷம் மெட்ராசில் ஆஸ்பத்திரிச் சாமான் கண்காட்சிக்குப் போய் வந்த அண்ணாச்சி, மேஜையில் நாற்பத்திமூணு விசிட்டிங் கார்டைப் பரப்பினார். எல்லாருக்கும் எழுதி ஆர்டர் கேட்கணும். ஆனால் ஒருத்தருக்கென்று யோசித்து எழுதினால் ஒரு கடுதாசிக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும் என்றாள் மாஜிதா. பத்துப் பேருக்கு அப்படி எழுதலாம்; பாக்கிப் பேருக்கு ஒரே பொதுக் கடுதாசியை அனுப்பிவிடலாம் என்று முடிவானது.

அந்தப் பத்துப் பேர் யார்? அண்ணாச்சிக்கா தெரியாது? கார்டைத் தடவிப் பார்த்தார். தங்க எழுத்து மேடாகத் தட்டுப்பட்டது ஒரு பக்கம். மெலிந்த கார்டு மறு பக்கம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மெலிந்த கட்டிலிருந்து மாஜிதா ஒன்றை எடுத்தாள். ஜாம்பியாவில் சின்ன மிஷன் ஆஸ்பத்திரி நடத்துகிற கிரேஸ் பண்டா என்ற நர்சம்மா கொடுத்தது. பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது: தீப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டுப் போட ரெண்டு இஞ்சு அகலத்தில், ஓரம் நூல் பிரியாமல் கரையோடு நெய்து தருவீர்களா? பிரிந்த நூல் புண்ணில் ஒட்டுகிறது.

“அண்ணாச்சி, இவிய கேள்வியே கேட்டிருக்காவ. இவியளுக்குத்தான் எழுதுறதுக்கு விஷயம் இருக்கு. தங்க எழுத்துக்காரவியளுக்கு நாம என்னத்த எழுத?”

“வருஷத்துக்கு ஒரு பேல் துணி வாங்குனா பெருசு. பொதுவுல போடு பிள்ளே.”

நானே பதில் எழுதுகிறேன் என்று அந்தம்மாவிடம் கண்காட்சியில் நெஞ்சில் கை வைத்துச் சொன்னது அவருக்கு நினைவு இருக்கத்தான் செய்தது. அதை மாஜிதாவிடம் சொல்லவில்லை.

பத்துப் பெரிய கம்பெனிக்கும் உங்கள் புகழ் எங்கள் ஊர் வரை எட்டியது என்று நீளமாகக் கடுதாசி போனது. அவர்களைப் பற்றி வேறொன்றும் தெரியாதே. ஒன்பது பேர் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தன் நன்றி என்று ஒரு வரி போட்டான்.

மூணு வாரம் கழித்து நர்சம்மாவிடமிருந்து பதில் வந்தது. மாஜிதா வாசித்துத் தமிழில் சொன்னாள். நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். ‘அன்புள்ள ஐயா’ என்று வந்த கடுதாசியில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. வேறு துணி வாங்கிவிட்டோம். அதுவும் நூல் பிரிகிறது.

கரையோடு ரெண்டு இஞ்சு நெய்ய அவருடைய ஆறாம் நம்பர் தறியே போதும். ஆனாலும் அண்ணாச்சிக்கு வாய் தானாகத் திறந்தது. “டைப்பிஸ்ட் பிள்ளை கவனிக்காம அனுப்பிட்டுது, மன்னிக்கணும்னு போடு.”

மாஜிதா அவரை ஒரு தடவை பார்த்தாள். தன்மேல் பழி போட்ட வரியைத் தானே அடித்து, தானே அனுப்பினாள். அன்றைக்கு டீ வந்தது, அவள் குடிக்கவில்லை.

ரெண்டாம் நாள் பதில் வந்திருந்தது. துணியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

“அந்தப் பிள்ளையை வையாதீங்க, வேலையை விட்டு நிறுத்திராதீங்கன்னு எழுதியிருக்காவ” என்றாள் மாஜிதா, திரையைப் பார்த்தபடியே.

வையவா? சேத்தூர் பேங்க் மேனேஜரிலிருந்து தறிக்காரன் வரை தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று மார்தட்டின மனுஷனுக்கு, ஒரு பெண்பிள்ளையின் முதுகைப் பார்க்கத் தைரியம் இல்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை, வையவும் இல்லை. ஆனால் அதைவிடக் கேடான ஒன்றைச் செய்தாகிவிட்டது.

“இன்னொண்ணு எழுது” என்றார். “தப்பு டைப்பிஸ்ட் மேல இல்ல. உங்களுக்குத் தனியா எழுதணும்னு மாஜிதா சொன்னுச்சு. கார்டு மெலிசா இருக்குன்னு நாந்தான் கேக்கல. பொய்யும் நாந்தான் சொன்னேன். அப்படியே போடு.”

“என் பேரும் போடணுமா?”

“போடு.”

அடித்து முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். ரெண்டு இஞ்சுத் துணிக்கு என்ன நூல், கரை எத்தனை இழை, எத்தனை நாளில் நெய்யலாம் என்பதையும் கீழே சேர்க்கச் சொன்னார். அனுப்பினார்கள். அதற்குப் பதில் வரவே இல்லை.

பொறவு வந்த கார்டுகளை மாஜிதாதான் பிரித்தாள். கேள்வி கேட்டவர்களுக்கு முழுக் கடுதாசி. நம் துணி பொருந்தும் என்று தெரிந்தவர்களுக்கு, பேரும் ஊரும் சரியாகப் போட்டு நாலு வரி. மற்றவர்களுக்குப் பொது. அண்ணாச்சி குறுக்கே பேசவில்லை. ஆனால் அவளிடம் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்கு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எழுந்து நிற்பார். அவளும் வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போவாள்.